மீட்டிங்குக்கு முன் படபடப்பா? பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாமல் நிதானத்துக்கு வரும் வழி

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். 8,000 டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. நேவி புளூ ஷேட் பையர் கொடுத்த சாம்பிளோடு ஒத்துவராமல் துணி மறுபடி சாயத்துக்குப் போனது. அதில் 6 நாள் போயிற்று, தூத்துக்குடியில் கப்பலும் போயிற்று. சரக்கை விமானத்தில் அனுப்பவேண்டி வந்தது. அந்தச் செலவு முழுக்க கம்பெனி தலையில். அதற்கான ரிவ்யூ மீட்டிங் காலை 11 மணிக்கு.

கதவுக்கு வெளியே நின்றபோது கூட இருந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார்: "நல்லா மூச்சை இழுத்து விடுங்க, சரியாயிடும்." நானும் நெஞ்சு நிறைய இழுத்தேன், ஏழெட்டு முறை வேகவேகமாக. விரல் நுனியெல்லாம் மரத்து ஊசி குத்துவதுபோல் ஆனது. உதட்டைச் சுற்றியும் அதே குறுகுறுப்பு. தலை லேசாகச் சுற்றியது. உள்ளே போய் உட்கார்ந்ததும் எம்.டி. கேட்டது, "ஷேட் சரியில்லைன்னு எப்பத் தெரிஞ்சுது?" நான் பதில் சொன்னதோ, ஷேட் ஏன் சரியில்லாமல் போனது என்பதற்கு. கேள்வி எனக்குப் பாதிதான் கேட்டிருந்தது. அவர் கேட்ட தேதி என் கையிலிருந்த ஃபைலிலேயே இருந்தது.

வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதனால்தான்: படபடக்கும்போது ஆழமாக இழுக்காதீர்கள். மெதுவாக விடுங்கள்.

இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியம், ஏன்?

பயந்த நேரத்தில் உடம்பு ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் நாமும் பெரிதாக இழுத்தால் ஆக்சிஜன் ஒன்றும் பெரிதாகக் கூடிவிடாது. நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவரின் ரத்தத்தில் அது எப்போதும் கிட்டத்தட்ட முழு அளவில்தான் இருக்கிறது. மாறாக, கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். அது குறைந்தால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்கும்; தலை சுற்றும். விரலிலும் வாயைச் சுற்றியும் வரும் மரமரப்புக்கும் அதுவே காரணம். அந்த மரமரப்பைப் பார்த்து "என்னவோ ஆகிறது" என்று இன்னும் பயந்து, இன்னும் பெரிதாக இழுப்போம். அன்று வாசலில் எனக்கு நடந்தது அதுதான்.

விடும் மூச்சின் விஷயம் வேறு. வேகஸ் என்று ஒரு நரம்பு மூளையின் அடியிலிருந்து இதயத்துக்கு இறங்குகிறது. அது பிரேக் போல வேலை செய்கிறது. மூச்சை இழுக்கும்போது பிரேக் சற்றுத் தளரும், இதயம் கொஞ்சம் வேகமெடுக்கும். விடும்போது பிரேக் மறுபடி பிடிக்கும், துடிப்பு மெதுவாகும். மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள். பலருக்கு, குறிப்பாக இளவயதினருக்கு, இது விரலிலேயே தெரியும். ஆகவே விடும் நேரத்தை நீட்டினால் பிரேக் பிடித்திருக்கும் நேரமும் நீளும். பிராணாயாமம் கற்றவர்களுக்கு இது புதிதல்ல. இழுக்கும் பூரகம் ஒரு பங்கு என்றால் விடும் ரேசகம் இரண்டு பங்கு என்பது பழைய கணக்கு. ஆனால் நடுவில் மூச்சை அடக்கும் கும்பகம் நம் வேலைக்கு வேண்டாம். அடக்கி வைத்திருக்கும் நேரம் பார்த்து யாராவது நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் குரல் திணறும்.

அடிப்படை மூச்சு

வாயை மூடி, மூக்கு வழியாகவே இழுத்து மூக்கு வழியாகவே விட வேண்டும். மனதுக்குள் நாலு எண்ணும் வரை இழுங்கள், ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஒரு எண் என்பது சுமார் ஒரு நொடி. ஆக ஒரு மூச்சுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுகிறோம். அதில் பாதிக்கோ அதற்கும் கீழேயோ இறங்குகிறோம் என்பதால் முதல் இரண்டு மூன்று மூச்சு கொஞ்சம் பழக்கமில்லாததுபோல் தோன்றும், அது சரிதான்.

அளவு சிறியதாக இருக்கட்டும். சாதாரணமாக எவ்வளவு இழுப்பீர்களோ அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நெஞ்சு உயரக்கூடாது, தோள் அசையவே கூடாது. கீழ் விலாவும் வயிறும் மட்டும் லேசாக விரிய வேண்டும். மடியில் ஃபைலை வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டால், முன்கை வயிற்றில் படும். மூச்சு அங்கே வருகிறதா என்று அந்தக் கையே சொல்லிவிடும்.

சத்தத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது. மூச்சு போவது உங்கள் காதுக்கே கேட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். காதுக்குக் கேட்காத வேகத்தில் விட்டால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. பொதுவாகப் பிறர் கண்ணில் படுவது நாலு விஷயம்: ஏறி இறங்கும் தோள், திறந்த வாய், மூடிய கண், எண்ணும்போது அசையும் உதடு. இந்த நாலையும் தவிர்த்துவிட்டால் போதும்.

எண்ணுவதற்கு நம் பாட்டிமார் சாமி பெயரை எண்ணிய முறையையே வைத்துக்கொள்ளலாம். கட்டைவிரல் தவிர மற்ற நாலு விரலிலும் மும்மூன்று கணு. ஒரு மூச்சு முடிந்ததும் கட்டைவிரலை அடுத்த கணுவுக்கு நகர்த்துங்கள். ஒரு கையில் 12 கணு, 12 மூச்சு, சரியாக 2 நிமிடம். மேசைக்கு அடியில் கை இருக்கும்போது யாரும் பார்க்கப் போவதில்லை. மேசைக்கு மேலே இருந்தாலும் விரலைத் தேய்த்துக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும். கடிகாரத்தையோ போனையோ பார்க்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போகிறது.

11 மணி மீட்டிங் என்றால்

அந்த முதல் மீட்டிங்குக்குச் சில மாதம் கழித்து, வேறொரு ஆர்டருக்காக அதே அறையில் உட்கார வேண்டி வந்தது. அன்று நான் செய்ததை நேரத்தோடு சொல்கிறேன்.

10:30 டீயை விட்டுவிட்டேன். கை நடுங்கும் நாளில் காபியும் டீயும் அந்த நடுக்கத்தைக் கூட்டும், அதற்குமேல் வாயும் உலரும். பதிலாகத் தண்ணீர்.

10:40-க்கு மாடிப்படித் திருப்பத்துக்குப் போனேன், அங்கே யாரும் இல்லை. ஆள் பார்க்காத இடத்தில் மட்டும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது: மூக்கு வழியாக ஒரு மூச்சு இழுத்து, விடாமல் அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு, அப்புறம் வாய் வழியாக நீளமாக, முழுதும் காலியாகும்படி விடுவது. அழுது முடித்த குழந்தை விசும்புவதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே அமைப்பு. நுரையீரலில் சுருங்கிப்போன சின்னச் சின்னக் காற்றறைகள் அந்த இரண்டாவது இழுப்பில் விரிகின்றன. 2023-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் தினமும் 5 நிமிடம் என ஒரு மாதம் இதைச் செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் தியானம் செய்தவர்களைவிட நன்றாகத் தேறியது. மீட்டிங்குக்கு முன் 5 நிமிடமெல்லாம் வேண்டாம். நான் மூன்று முறை செய்தேன். மூன்றாவதில் தாடை தானாகத் தளர்ந்தது தெரிந்தது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

10:50-க்கு நடை. படியிலிருந்து அறை வரை நீளமான வராந்தா. மூன்று அடிக்கு இழுப்பு, ஐந்து அடிக்கு விடுவது என்று கணக்கு வைத்துக்கொண்டேன். நடக்கும்போது உடம்புக்குக் காற்று கூடுதலாக வேண்டும் என்பதால் நொடிக் கணக்கைப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை, விடுவது நீளமாக இருந்தால் போதும்.

10:55-க்கு நாற்காலியில் உட்கார்ந்து விரல்கணுக்கணக்கைத் தொடங்கினேன். கையில் லாட் நம்பரும் தேதியும் எழுதிய ஒரு தாள். தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளை யாரும் பேச்சுக்கு இழுப்பதில்லை. அந்த 2 நிமிடம் அப்படிக் கிடைக்கும்.

காலை ஊன்றுவது

மூச்சு உடம்பைப் பார்த்துக்கொள்ளும். மனது மட்டும் இன்னும் நடக்காத காட்சிக்கு ஓடிப்போய்விடும்: அவர் இப்படிக் கேட்பார், நான் இப்படி முழிப்பேன், எல்லாரும் பார்ப்பார்கள். அதை இந்த அறைக்கு இழுத்து வர, இப்போது உடம்பில் படுவதையும் காதில் விழுவதையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பாதத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியட்டும். காலை மடித்துப் பின்னுக்கு இழுத்தோ, நுனிக்காலில் ஊன்றியோ உட்கார்ந்தால் தொடை இறுகியே இருக்கும். மூச்சை விடும் ஆறு எண்ணிக்கையிலும் குதிகாலைத் தரையில் அழுத்துங்கள், இழுக்கும்போது தளர்த்துங்கள். மேசைக்கு அடியில் நடப்பது என்பதால் யாருக்கும் தெரியாது. கால் நடுங்குபவர்களுக்கு இது இன்னும் நல்லது. ஓடத் தயாராக இறுகிய தசைக்கு அழுத்துவதற்கு ஒரு வேலை கிடைக்கிறது, நடுக்கம் குறைகிறது.

அப்புறம் கை. எங்கள் மீட்டிங் மேசையில் நான் வழக்கமாக உட்காரும் பக்கம் சன்மைக்கா ஓரம் சற்றுப் பெயர்ந்திருந்தது. நகம் சிக்கும் அளவு இடைவெளி, உள்ளே பிளைவுட்டின் சொரசொரப்பு. அன்று என் விரல் அங்கேதான் இருந்தது. "மேசையைத் தொடுகிறேன்" என்று பொதுவாக நினைத்தால் மனது அரை நொடியில் நழுவிவிடும். எந்த இடம், சூடா குளிரா, வழவழப்பா சொரசொரப்பா என்று இறங்கினால்தான் அது நிற்கிறது. குளிர்ந்த தண்ணீர் பாட்டில், பேனாவின் கிளிப், வாட்ச் பட்டை, எது கைக்கு எட்டுகிறதோ அது.

பார்ப்பது ஐந்து, தொடுவது நாலு, கேட்பது மூன்று, முகர்வது இரண்டு, சுவைப்பது ஒன்று என்று இறங்கு வரிசையில் எண்ணும் முறையைப் பலரும் சொல்வார்கள். தனியாக இருக்கும்போது அது நல்ல முறைதான். மீட்டிங் அறையில் அது நீளம் என்பது என் கருத்து. பதினைந்து பொருளைத் தேடி முடிப்பதற்குள் அங்கே பேச்சு எங்கேயோ போய்விடும். தொடுவதில் ஒன்று, கேட்பதில் ஒன்று, பார்ப்பதில் ஒன்று போதும். அன்று எனக்குக் கேட்டது கீழ்த்தளத்து ஓவர்லாக் மெஷின்களின் இரைச்சல், நடுவே ஒன்று நிற்க இன்னொன்று தொடங்குவது. பார்வைக்கு, எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி, கண்ணை நகர்த்தாமலேயே அறையின் இரண்டு ஓரமும் தெரிகிறதா என்று கவனித்தேன். பயத்தில் ஒரே முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பார்வை அப்போது கொஞ்சம் அகலமாகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும்.

உங்களைப் பார்த்துக் கேள்வி வரும்போது

இங்கேதான் பலரும் கோட்டை விடுவார்கள். பெயரைச் சொன்னதும் அனிச்சையாக ஒரு பெரிய மூச்சு உள்ளே போகும், அது அப்படியே தொண்டையில் நிற்கும், குரல் உயர்ந்து வரும். செய்ய வேண்டியது தலைகீழ்: இருக்கும் மூச்சை முதலில் விட்டு முடியுங்கள், சின்னதாக ஒன்று இழுங்கள், பிறகு பேசுங்கள். மொத்தம் இரண்டு மூன்று நொடிதான் ஆகும். அந்த நேரத்தில் கேள்வியைத் தாளில் நாலு சொல்லாகக் குறித்துக்கொண்டால் அது இயல்பாகவும் இருக்கும், கேள்வியும் தப்பாது.

பேசுவதே மூச்சை வெளியே விடுவதுதான். சின்ன வாக்கியமாகப் பேசி, முற்றுப்புள்ளியில் வாயை மூடி, மூக்கு வழியாகக் கொஞ்சம் இழுத்து, அடுத்த வாக்கியத்துக்குப் போனால் பேச்சே உங்களை நிதானப்படுத்திக்கொண்டு போகும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினால் நடுவில் காற்று தீர்ந்து, "அது வந்து சார்" என்று வாயால் அள்ளி இழுக்க வேண்டி வரும். அந்த இழுப்பு எல்லாருக்கும் கேட்கும்.

அன்று எம்.டி. கேட்டது, "இந்த லாட் எப்பங்க கைக்கு வரும்?"

குறித்துக்கொண்டேன். விட்டேன், கொஞ்சம் இழுத்தேன். "வியாழக்கிழமைங்க சார்." நிறுத்தினேன். "சாயப்பட்டறையில இன்னும் உறுதியாச் சொல்லலைங்க." மறுபடி நிறுத்தினேன். "சாயங்காலம் 4 மணிக்குள்ள கேட்டுச் சொல்லிடறேன்."

"சரி, 4 மணிக்குச் சொல்லுங்க" என்று அடுத்தவர் பக்கம் திரும்பினார். இதயம் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கேள்வி முழுதாகக் காதில் விழுந்திருந்தது, கேட்டதற்குத்தான் பதில் சொல்லியிருந்தேன்.

தொண்டை உலர்ந்தால் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கலாம். விழுங்கும்போது மூச்சு தானாக ஒரு கணம் நிற்கும், பெரும்பாலும் அதன் பிறகு வெளியேதான் போகும். கூட்டத்தில் எவரும் கேள்வி கேட்காத இடைவெளி இது.

வீடியோ மீட்டிங்காக இருந்தால் கால், கை எதுவும் தெரியாது; ஆனால் திரையில் தோளும் கழுத்தும்தான் பெரிதாகத் தெரியும், மைக் மூச்சுச் சத்தத்தை அள்ளும். பேசாத நேரத்தில் மியூட்டில் இருங்கள்.

எங்கே தவறும், எப்படித் தெரியும்

ஆறு எண்ணி விட்டதும் அடுத்த மூச்சை அவசரமாக அள்ளத் தோன்றினால், எண்ணிக்கை உங்களுக்கு நீளம். மூன்று எண்ணி இழுப்பது, நாலு எண்ணி விடுவது என்று குறைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சொட்டு வரை வயிற்றை அமுக்கிப் பிழிய வேண்டாம். காற்று தானாக நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். விரல் மரமரத்தால் மூச்சு பெரிதாகிவிட்டது என்று புரிந்துகொண்டு அளவைச் சிறிதாக்குங்கள், சில நிமிடத்தில் போய்விடும். சளி பிடித்து மூக்கு அடைத்த நாளில் மோவாயில் கையை ஊன்றி, விரல் மறைவில் உதட்டை லேசாகத் திறந்து விடலாம்.

சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பயம் கூடும். "நான் மறந்தால் மூச்சு நின்றுவிடுமோ" என்று தோன்றும். அவர்கள் மூச்சை அதன் போக்கில் விட்டுவிட்டு, பாதம், மேசை ஓரம், வெளிச்சத்தம் ஆகிய மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும். அதுவே போதுமானது, குறைந்த வழி அல்ல.

வேலை செய்கிறதா என்பதை இதயத் துடிப்பை வைத்துப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே ரத்தத்தில் கலந்த அட்ரினலின் அடங்கச் சில நிமிடமாவது ஆகும். வாயில் எச்சில் ஊறுவது, தோள் காதை விட்டு இறங்கியிருப்பது, அடுத்தவர் பேசுவது வாக்கியமாகக் காதில் விழுவது, இவைதான் முதலில் தெரியும் அடையாளங்கள்.

ஆஸ்துமாவோ வேறு நுரையீரல் கோளாறோ இருப்பவர்கள் நீட்டி விடுவதை வற்புறுத்திச் செய்யக்கூடாது, டாக்டர் சொன்ன இன்ஹேலர்தான் முதலில். நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் வந்தால் மீட்டிங்கை விட்டு எழுந்து உதவி கேளுங்கள், அதைப் படபடப்பு என்று எண்ணி மூச்சுப் பயிற்சியில் நேரம் கடத்தாதீர்கள். மீட்டிங் இல்லாத நாளிலும் இப்படித் திடீர் திடீரென்று வந்தால், தூக்கம் கெட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள். ஒருவர் தினமும் எல்லார் முன்னிலையிலும் உங்களை அவமானப்படுத்துகிறார் என்றால் அங்கே சரிசெய்ய வேண்டியது உங்கள் மூச்சு இல்லை. வேறு ஆளிடம் சொல்லவோ, வேறு இடம் பார்க்கவோ வேண்டிய விஷயம் அது.

பழகுவது

இதை முதல்முறையாக மீட்டிங் வாசலில் முயன்றால் எண்ணிக்கை நினைவுக்கு வராது. பதற்றமே இல்லாத நேரத்தில் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை மீட்டிங் என்றால் திங்கட்கிழமையே தொடங்குங்கள்: பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒரு கை கணுக்கணக்கு, மதியம் சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்ததும் ஒன்று, ராத்திரி படுக்கையில் ஒன்று. நாளைக்கு 6 நிமிடம். புதன்கிழமை மட்டும் ஒன்று கூடுதலாக: பக்கத்து சீட்டுக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே, மேசைக்கு அடியில் கட்டைவிரலை நகர்த்திப் பாருங்கள். "என்னாச்சு, உடம்பு சரியில்லையா?" என்று அவர் கேட்டால் தோளோ வாயோ எங்கோ அசைந்திருக்கிறது. கேட்கவில்லை என்றால் வியாழக்கிழமைக்குத் தயார்.